ஓர் எழுத்து, இரண்டு பிரதிகள்

உங்கள் கையிலோ கழுத்திலோ இருக்கும் மச்சம் ஒன்றைப் பாருங்கள். பிறக்கும்போது அது இருந்திருக்காது. பள்ளிப் பருவத்தில் எப்போதோ சின்னப் புள்ளியாகத் தோன்றி, சில மாதங்கள் வளர்ந்து, ஏதோ ஓர் அளவில் நின்றுபோயிருக்கும். அதன் பிறகு இருபது, முப்பது ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. தோலின் நிறமிச் செல் ஒன்று அளவுக்கு மீறிப் பிரிந்து பெருகியதால் உண்டான சிறு கட்டிதான் அந்த மச்சம். இப்படிப் பின்னால் தோன்றும் சாதாரண மச்சங்களை எடுத்து ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றில் பிராஃப் என்ற மரபணு ஒரு குறிப்பிட்ட இடத்தில் கெட்டிருப்பது தெரிந்தது. மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோயில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் காணப்படுவதும் அதே மரபணுவில், அதே இடத்தில் உள்ள அதே கோளாறுதான்.

அப்படியென்றால் புற்றுநோயை உண்டாக்கும் பிறழ்வு ஒன்றைச் சுமந்துகொண்டு நாம் பல பத்தாண்டுகள் நிம்மதியாக வாழ்கிறோம். மெலனோமாவுக்கும் மச்சத்துக்கும் அந்தப் பிறழ்வில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்று தேடிப் போனால், புற்றுநோயின் மரபணுக்கள் இரண்டு வகை என்பதும், அவை கெடும் கணக்கே வேறு வேறு என்பதும் புரியும். முதல் வகைக்கு ஆங்கோஜீன், அதாவது புற்றைத் தூண்டும் மரபணு என்று பெயர். இரண்டாம் வகையைக் கட்டி அடக்கும் மரபணு என்கிறார்கள்.

முதல் வகையை மனிதப் புற்றுநோயில் கையும் களவுமாகப் பிடித்தது 1982இல். அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளி ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்த செல்களை ஆய்வகங்களில் வளர்த்துவந்தார்கள். அவற்றின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, எலிக் கருவிலிருந்து வந்த ஒருவகைச் செல்களின் மேல் இட்டார்கள். எலிச் செல்களில் ஒரு சில அந்த டி.என்.ஏ. துண்டுகளை உள்வாங்கிக்கொண்டன. தட்டின் அடியில் ஒற்றை அடுக்காகப் படிந்து வளர வேண்டிய செல்கள், ஓரிரு இடங்களில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. அந்தக் குவியல்களுக்குள் போயிருந்த மனித மரபணு எது என்று தேடியபோது ராஸ் குடும்பத்தைச் சேர்ந்த எச்-ராஸ் அகப்பட்டது.

வியப்பு அதற்குப் பிறகுதான். அதே மரபணு ஆரோக்கியமான ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அதை எடுத்து எலிச் செல்லுக்குள் செலுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. சுமார் 6,600 எழுத்துகள் கொண்ட இரண்டு டி.என்.ஏ. துண்டுகள், ஒன்று புற்றை உண்டாக்குகிறது, மற்றொன்று சும்மா இருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ராபர்ட் வெயின்பெர்க் குழுவினர் இரண்டையும் வெட்டி, ஒன்றின் பகுதியை மற்றதில் ஒட்டி, எந்தப் பகுதி போனால் புற்றுண்டாக்கும் திறனும் கூடவே போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். தேடல் சுமார் 350 எழுத்துகளுக்குள் சுருங்கியது. அந்தப் பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்தபோது வேறுபாடு ஒரே ஓர் எழுத்தில் இருந்தது. ஜி-ஜி-சி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜி-டி-சி. மரியானோ பார்பாசிட், மைக்கேல் விக்லர் ஆகியோரின் குழுக்களும் அதே காலத்தில் அதே எழுத்தைக் கண்டன.

அந்த ஓர் எழுத்து செய்வது என்ன? ராஸ் புரதம் செல்லின் உறைக்கு உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து ‘வளர்’ என்ற சமிக்ஞை வரும்போது ஜி.டி.பி. என்ற சிறு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். விழித்திருக்கும்வரை செல்லின் உட்பக்கத்துக்குச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். பிறகு அந்த ஜி.டி.பி.யை வெட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இந்த வெட்டும் வேலையை ராஸ் தனியாகச் செய்தால் மிக மெதுவாகத்தான் நடக்கும். அதனால் துணைப் புரதம் ஒன்று வந்து, ராஸின் குழிக்குள் தன் விரல் போன்ற ஒரு நீட்சியை நுழைத்து விரைவாக முடித்துக்கொடுக்கும். அந்தக் குழியின் ஓரத்தில் 12ஆவது இடத்தில் இருப்பது கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. பக்கவாட்டில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. எழுத்து மாறியதும் அங்கே பருமனான வாலின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. விரல் நுழைய இடமில்லை. வெட்டு விழுவதில்லை. வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் வராத வேளையிலும் ராஸ் ‘வளர், வளர்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் செல்களில் இந்த மரபணுக்களுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றொன்று தந்தையிடமிருந்து வந்தது. ராஸ் விஷயத்தில் ஒரு பிரதி கெட்டாலே போதும். மற்றப் பிரதி எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும், தொடர்ந்து கத்திக்கொண்டிருக்கும் பிரதியின் குரலை அதனால் அடக்க முடியாது.

ஒரு செல், ஒரு பிரதி, ஓர் எழுத்து. புற்றுநோய்க்கு இவ்வளவுதான் தேவையென்றால் மனிதர் யாரும் குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருக்க முடியாது. 1982இன் பரிசோதனையில் சொல்லாமல் விடப்பட்ட ஒரு நிபந்தனை இருந்தது. அந்த எலிச் செல்கள் சாதாரணச் செல்கள் அல்ல. தட்டில் நெடுங்காலம் வளர்ந்து, முதுமையடையும் தன்மையை ஏற்கெனவே இழந்தவை. அடுத்த ஆண்டே வெயின்பெர்க் ஆய்வகத்தில், எலிக் கருவிலிருந்து அப்போதே எடுத்த புதிய செல்களில் அதே ராஸைச் செலுத்திப் பார்த்தார்கள். ராஸ் தனியாக அவற்றைப் புற்றாக்கவில்லை. மிக் என்ற இன்னொரு ஆங்கோஜீனையும் சேர்த்தால்தான் புற்று வந்தது.

1997இல் இன்னும் தெளிவான விடை கிடைத்தது. கெட்ட ராஸைச் சாதாரணச் செல்லில் வைத்தால், சிறிது காலம் பிரிந்துவிட்டு அந்தச் செல் ஒரேயடியாக நின்றுவிடுகிறது. சாவதில்லை, பிரிவதுமில்லை. செல்லுக்குள் பி53, பி16 என்ற இரண்டு புரதங்களின் அளவு ஏறியிருக்கிறது. காரணமே இல்லாமல் ஓயாமல் வரும் வளர்ச்சிக் கட்டளையைச் செல் ஆபத்தாகவே எடுத்துக்கொண்டு, நிறுத்தும் புரதங்களை உற்பத்தி செய்கிறது. மச்சத்தில் நடந்திருப்பதும் இதுவே. பிராஃப் என்பது ராஸ் அனுப்பும் செய்தியை வாங்கி அடுத்த கட்டத்துக்குக் கடத்தும் புரதம். அது கெட்டதும் செல் பெருகியது, பி16 ஏறியது, பெருக்கம் நின்றது. (நிறமோ ஓரமோ மாறும், திடீரென வளரும் மச்சத்தைத் தோல் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத்தவர்க்கும் கறுப்பு நிறத்தவர்க்கும் மெலனோமா உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரக்கூடும். அங்கே யாரும் பார்ப்பதில்லை.)

ஆகவே செல் புற்றாக வேண்டுமானால் தூண்டும் மரபணு கெடுவது மட்டும் போதாது. நிறுத்தும் மரபணுக்களும் தொலைய வேண்டும். அவை தொலையும் விதத்தை முதலில் கணக்குப்போட்டுச் சொன்னவர் ஒரு குழந்தை மருத்துவர். அவரிடம் அப்போது மரபணு படிக்கும் கருவி எதுவும் இல்லை. நோயாளிகளின் வயதுப் பட்டியல் மட்டுமே இருந்தது.

ரெட்டினோபிளாஸ்டோமா என்பது குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய். ஏறக்குறைய 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடும். ஃபிளாஷ் போட்டு எடுத்த புகைப்படத்தில் ஒரு கண்ணின் பாப்பா சிவப்பாகவோ கறுப்பாகவோ தெரிய, மற்றது வெள்ளையாகப் பளபளத்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் இருந்த ஆல்ஃபிரட் நட்சன், அங்கு வந்த 48 குழந்தைகளின் பதிவேடுகளைப் புரட்டினார். 23 பேருக்கு இரண்டு கண்களிலும் கட்டி. 25 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும். இரு கண்ணிலும் வந்தவர்களுக்கு நோய் சீக்கிரமே, பலருக்கு முதல் வயதிலேயே வந்திருந்தது. ஒரு கண்ணில் வந்தவர்களுக்குச் சராசரியாகத் தாமதமாக வந்திருந்தது.

நட்சன் இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியே, ஒவ்வொரு வயதிலும் இன்னும் நோய் கண்டறியப்படாதவர்கள் எத்தனை பங்கு என்று வரைபடம் போட்டார். விகிதங்களைக் காட்டும் மடக்கை அளவுகோலில் போட்டபோது, இரு கண் கூட்டத்தின் கோடு நேராக இறங்கியது. மிச்சமிருப்பவர்களில் மாதாமாதம் ஒரே விகிதத்தினருக்கு நோய் வருகிறது என்று அதற்குப் பொருள். தற்செயலான ஒரே ஒரு நிகழ்வுக்காகக் காத்திருக்கும்போதுதான் கோடு இப்படி இறங்கும். ஒரு கண் கூட்டத்தின் கோடு முதலில் மெல்லச் சரிந்து, பிறகு வளைந்து வேகமாக இறங்கியது. முதலில் ஒன்று நடந்தாக வேண்டும்; அது நடந்த செல்லில் இரண்டாவதும் நடக்க வேண்டும். 1971இல் வந்த அவருடைய கட்டுரை சொன்னது இதுதான்: இந்தப் புற்றுக்கு இரண்டு அடிகள் தேவை. இரு கண் குழந்தைகள் முதல் அடியோடு பிறக்கிறார்கள்; அது அவர்களுடைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. மற்றக் குழந்தைகளுக்கு இரண்டு அடியும் பிறகுதான், ஒரே செல்லின் மேல் விழுகின்றன.

எண்களை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது விளங்கும். விழித்திரை உருவாகும்போது பெருகும் செல்கள் பல பத்து லட்சம். ஒரு குறிப்பிட்ட மரபணு ஒரு செல்லில் கெட்டுப்போகும் வாய்ப்பு, கணக்குக்காக, பத்து லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதல் அடியோடு பிறந்த குழந்தைக்குப் பல பத்து லட்சம் செல்களில் எங்காவது சிலவற்றில் இரண்டாவது அடி விழுவது ஏறக்குறைய உறுதி. முதல் அடி இல்லாமல் பிறந்த குழந்தைக்கு ஒரே செல்லில் இரண்டும் விழும் வாய்ப்பு பத்து லட்சத்தைப் பத்து லட்சத்தால் பெருக்கிய எண்ணில் ஒன்று. லட்சக்கணக்கான செல்கள் இருந்தும் பல்லாயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு மட்டுமே அது நடக்கிறது. முதல் அடியோடு பிறந்தவருக்குச் சராசரியாக மூன்று கட்டிகள் வரும் என்று நட்சன் கணித்தார். சராசரி மூன்று என்றால் சிலருக்கு ஐந்து வரும், சிலருக்கு ஒன்று வரும். நூற்றில் ஐந்து பேருக்கு ஒன்றுமே வராது. கெட்ட மரபணுவைச் சுமந்தும் கண் தப்பிய பெற்றோர்கள் சில குடும்பங்களில் இருந்தது ஏன் என்பதற்கு அந்த ஐந்து பேர்தான் பதில்.

அந்த இரண்டு அடிகள் எதன்மேல் விழுகின்றன? ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகள்மேல். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் மாணவர் பக்கம் ஒரு பிரேக்கும் ஆசிரியர் பக்கம் ஒரு பிரேக்கும் இருக்கும். இரண்டில் எது வேலை செய்தாலும் கார் நின்றுவிடும்; இரண்டும் அறுந்தால்தான் நிற்காது. கட்டி அடக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகள் அப்படிப்பட்டவை. ஒன்று போய்விட்டாலும் மற்றது செய்யும் புரதமே செல்லைக் கட்டுப்படுத்தப் போதும்.

வெப்ஸ்டர் கேவனியும் உடனிருந்தவர்களும் 1983இல் இதை நேரடியாகக் காட்டினார்கள். குழந்தையின் ரத்தத்தையும் அதே குழந்தையின் கட்டியையும் ஒப்பிட்டார்கள். ரத்தத்தில் 13ஆவது குரோமோசோமின் தாய்ப் பிரதியும் தந்தைப் பிரதியும் தனித்தனியே தெரிந்தன. பல கட்டிகளில் ஒன்றின் அடையாளங்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. நல்ல பிரதி இருந்த பகுதியையே செல் இழந்துவிட்டிருந்தது. இரண்டாவது அடி பல வேளைகளில் எழுத்துப் பிழையாக வருவதில்லை. செல் பிரியும்போது நல்ல பிரதியைச் சுமந்த குரோமோசோம் முழுவதும் தவறிப்போகலாம்; அல்லது இரண்டு குரோமோசோம்களும் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது கெட்ட பிரதியே இரண்டிலும் வந்து உட்காரலாம். 1986இல் அந்த மரபணுவையே தனியே பிரித்தெடுத்தார்கள். ஆர்பி1 என்று பெயரிட்டார்கள். கட்டி அடக்கும் மரபணு வகையில் முதலில் கைக்குக் கிடைத்தது அதுவே.

ஆர்பி புரதத்தின் வேலையைத் தெரிந்துகொண்டால், ராஸின் கதையும் இந்தக் கதையும் ஒரே இடத்தில் சந்திப்பது தெரியும். செல் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்க வேண்டும். அதற்குத் தேவையான மரபணுக்களை முடுக்கிவிடுவது இ2எஃப் என்ற புரதக் குடும்பம். சாதாரண வேளைகளில் ஆர்பி அதைப் பிடித்துவைத்திருக்கிறது. ராஸிடமிருந்து வரும் வளர்ச்சிச் செய்தி படிப்படியாக இறங்கி, சைக்ளின்-டி என்ற புரதத்தின் அளவைக் கூட்டுகிறது. அது சிடிகே4, சிடிகே6 என்ற நொதிகளோடு சேர்ந்து ஆர்பியின் மேல் பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது. பாஸ்பேட் ஏற ஏற ஆர்பியின் பிடி தளர்ந்து இ2எஃப் விடுபடுகிறது. நகலெடுப்பு தொடங்குகிறது; அதன் பிறகு செல் பின்வாங்குவதில்லை. மச்சத்தில் ஏறியிருக்கும் பி16 செய்வது, அந்த இரண்டு நொதிகளைத் தடுத்து ஆர்பியின் பிடியைக் காப்பாற்றுவது. ஆர்பியே இல்லாத செல்லில் பி16 எவ்வளவு ஏறினாலும் காப்பாற்றுவதற்கு எதுவும் இல்லை.

மரபணு கெடாமலேயே இந்தப் பிடியைத் தளர்த்தும் ஒன்றும் இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸின் இ7 என்ற புரதம் ஆர்பியோடு நேராக ஒட்டி அதைச் செயலிழக்கச் செய்கிறது. இ6 என்ற இன்னொரு புரதம் பி53ஐ அழிக்கிறது. இரண்டு மரபணுக்களின் நான்கு பிரதிகள் கெட்டுப்போக ஆகும் காலத்தை வைரஸ் இரண்டே புரதங்களால் கடந்துவிடுகிறது. அந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசியைத் தொற்று வருவதற்கு முன்பே, சிறு வயதில் போடச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வகை மரபணுக்களும் கெடும் விதத்தில் உள்ள வேறுபாட்டை ஆய்வக அறிக்கையிலேயே பார்க்கலாம். ஆயிரம் நோயாளிகளின் கட்டிகளில் ராஸ் மரபணுவைப் படித்தால் பிறழ்வுகள் பெரும்பாலும் 12, 13, 61 ஆகிய மூன்று இடங்களில் குவிந்துகிடக்கும். ஒரு புரதத்தை ஓயாமல் வேலை செய்யவைக்க ஒரு சில வழிகள்தான் உண்டு. வேறெங்கு தட்டினாலும் அது ஒன்று அப்படியே இருக்கும், இல்லை உடைந்துபோகும். ஆர்பி1இல் பிறழ்வுகள் மரபணு முழுவதும் சிதறிக்கிடக்கும். ஒரு குடும்பத்தில் இருப்பது அடுத்த குடும்பத்தில் இருக்காது. உடைப்பதற்கு எந்த இடமானாலும் சரிதானே. நோயாளிக்கு இதனால் வரும் விளைவு நேரடியானது. ராஸ் பரிசோதனை சில இடங்களை மட்டும் பார்த்தால் போதும். ஆர்பி1 பரிசோதனையில் அதன் 27 பகுதிகளையும் படிக்க வேண்டும். பெரிய துண்டு ஏதும் விழுந்துபோயிருக்கிறதா என்று தனியாகவும் தேட வேண்டும்.

ஒரு குடும்பத்தை வைத்து இந்தக் கணக்கைப் பார்ப்போம். குடும்பம் என் கற்பனை, எண்கள் உண்மை. கணவருக்கு இரண்டு வயதில் ஒரு கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா வந்து அந்தக் கண்ணை அகற்றினார்கள். வேறு உறவினர் யாருக்கும் இந்த நோய் இல்லை. இப்போது மனைவி கர்ப்பமாக இருக்கிறார். ஒரு கண் மட்டும்தானே, பரம்பரை இல்லை என்று வீட்டில் எல்லாரும் நம்புவார்கள். அந்த நம்பிக்கை முழுக்கச் சரியல்ல. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களிலும் நூற்றில் சுமார் பதினைந்து பேர் உடல் முழுவதும் முதல் அடியைச் சுமப்பவர்கள். சராசரி மூன்று கட்டிகள் என்றால் சிலருக்கு ஒன்றே ஒன்று வருவது இயல்புதான்.

கணவரின் ரத்தத்தில் ஆர்பி1ஐப் படிக்கிறார்கள். பிறழ்வு தெரிந்தால், பிறக்கப்போகும் குழந்தைக்கு அது வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. வந்திருந்தால் கண்ணில் கட்டி வரும் வாய்ப்பு, பிறழ்வு மரபணுவை முழுக்க முடக்கும் வகையாக இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். கெட்ட பிரதி ஒன்றே ஒன்றுதான் வருகிறது. குடும்ப வரைபடத்தில் பார்த்தால் ஒரு பிரதியே நோயைத் தருவதுபோலத் தோன்றும். கண்ணுக்குள் இருக்கும் செல்லைப் பார்த்தால் இரண்டும் போனால்தான் நோய். நெடுங்காலம் மரபியலாளர்களைக் குழப்பிய இந்த முரண்பாடு, கோடிக்கணக்கான செல்களில் எங்காவது இரண்டாவது அடி விழுந்தே தீரும் என்று தெரிந்ததும் தீர்ந்தது.

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். பிறழ்வு இல்லையென்றால் அந்தக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து மறுபடி மறுபடி கண்ணைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தால் பிறந்த முதல் நாட்களிலிருந்தே சில வாரங்களுக்கு ஒருமுறை சோதனை. கட்டி சிறு புள்ளியாக இருக்கும்போதே லேசராலோ உறையவைத்தோ அழித்துவிடலாம். அப்பாவுக்கு அகற்றியதைப்போல் கண்ணையே அகற்ற நேராது என்பதுதான் அங்கே கிடைக்கும் லாபம்.

கணவரின் ரத்தத்தில் பிறழ்வு தெரியாவிட்டால் என்ன செய்வது? நிம்மதியடையலாம், ஆனால் கதவை முழுக்கச் சாத்திவிட முடியாது. முதல் அடி, அவர் கருவாக இருந்தபோது சில செல்கள் ஆன பிறகு விழுந்திருந்தால் உடலின் ஒரு பங்கில் மட்டும் இருக்கும். ரத்தத்தில் சிக்காமல் போகலாம். அகற்றிய கண்ணின் திசு மெழுகுக் கட்டியாக மருத்துவமனையில் பத்திரமாக இருந்தால், அதில் இரண்டு அடிகளும் எவை என்று கண்டுபிடித்து, அந்த இரண்டை மட்டும் ரத்தத்தில் ஆழமாகத் தேடலாம். அதனால்தான் கண் அகற்றும் அறுவை நடக்கும்போதே கட்டியின் ஒரு பகுதியைச் சேமிக்கும்படி கேட்பது நல்லது. சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இந்நோயின் மரபணு ஆய்வு நெடுங்காலமாக நடந்துவருகிறது. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை.

முதல் அடியோடு பிறந்தவருக்கு ஆபத்து கண்ணோடு முடிவதில்லை. எலும்பிலும் தசையிலும் உள்ள ஒவ்வொரு செல்லிலும் ஒரே ஒரு நல்ல பிரதிதான் இருக்கிறது. முன்பு இந்தக் குழந்தைகளின் கண்ணுக்கு வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி கரைந்தது, கண் பிழைத்தது. ஆனால் பரம்பரை வகை நோய் இருந்தவர்களில் பலருக்குப் பின்னாளில் எலும்புப் புற்றும் மென்திசுப் புற்றும் வந்தன. அவற்றில் பல, கதிர் பாய்ந்த இடத்திலேயே வந்தன. டி.என்.ஏ.வை வெட்டுவதே கதிர்வீச்சின் வேலை. ஒரு பிரதியை மட்டும் நம்பியிருக்கும் திசுவில் அது இரண்டாவது அடியாகிவிடுகிறது. இப்போது மருத்துவர்கள் கீமோதெரபியையும் லேசரையும் முதலில் வைத்து, இத்தகைய கதிர்வீச்சைக் கூடியவரை தவிர்க்கிறார்கள்.

இரண்டு அடி என்ற விதிக்கும் எல்லை உண்டு. ஒரு கண் ரெட்டினோபிளாஸ்டோமாவில் நூற்றில் ஒன்றிரண்டு கட்டிகளில் ஆர்பி1இன் இரண்டு பிரதிகளும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றில் என்-மிக் என்ற ஆங்கோஜீன் பல மடங்கு பெருகியிருப்பதை 2013இல் கண்டறிந்தார்கள். பிறந்து சில மாதங்களிலேயே வந்துவிடும் கட்டிகள் அவை. எதிர்ப்பக்கமும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஆர்பி1இன் இரண்டு பிரதிகளும் போன பிறகும் சில விழித்திரைகளில் ரெட்டினோமா என்ற தீங்கற்ற சிறு கட்டியோடு வளர்ச்சி நின்றுபோகிறது. மச்சத்தில் பார்த்ததைப் போலவே அங்கும் பி16 ஏறியிருக்கிறது. இரண்டு அடி விழுந்த செல்லும் முழுப் புற்றாக மாற இன்னும் சில மாற்றங்கள் வேண்டும் என்று தெரிகிறது. கண்ணில் இரண்டு, மூன்று மாற்றங்களில் முடியும் காரியம், பெருங்குடல் போன்ற உறுப்புகளில் பல பத்தாண்டுகள் பிடிக்கிறது. அங்கே பெரும்பாலும் ஏபிசி என்ற கட்டி அடக்கும் மரபணு முதலில் போகிறது. கே-ராஸ் பிறகு கெடுகிறது. பி53 கடைசிக் கட்டத்தில் தொலைகிறது.

புற்றுநோய் ஓடும் குடும்பங்களில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது கட்டி அடக்கும் மரபணுதான்: மார்பகத்துக்கும் சினைப்பைக்கும் பிஆர்சிஏ, குடலுக்கு ஏபிசி. ஒரு பிரதி போனாலும் செல் நன்றாக இயங்குவதால் அந்தக் குழந்தை இயல்பாகப் பிறந்து வளர்ந்து, அடுத்த தலைமுறைக்கும் கடத்துகிறது. முழு வீச்சில் கத்தும் ராஸை எல்லாச் செல்களிலும் வைத்துக்கொண்டு கரு ஒழுங்காக வளர்வது கடினம். விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும்: தைராய்டு புற்றைத் தரும் ரெட் என்ற ஆங்கோஜீன் பரம்பரையாகவே வருகிறது. அந்தக் குடும்பங்களில் பிறழ்வு உள்ள குழந்தைகளுக்குப் புற்று வருவதற்கு முன்பே தைராய்டை அகற்றிவிடுகிறார்கள்.

மருந்திலும் இந்த வேறுபாடு குறுக்கே நிற்கிறது. அதிகமாக வேலை செய்யும் புரதத்தில் மருந்து போய் அடைத்துக்கொள்ளலாம். இல்லாத புரதத்தில் எதை அடைப்பது? பிராஃபைத் தடுக்கும் மாத்திரை 2011இல் வந்தது. ராஸ் அதைவிடக் கடினமாக இருந்தது. அதன் மேற்பரப்பில் மருந்து பிடித்துக்கொள்ள ஆழமான குழி எதுவும் தெரியவில்லை. மருந்துக்கு அகப்படாதது என்றே அதைச் சொல்லிவந்தார்கள். கே-ராஸின் 12ஆவது இடத்தில் சிஸ்டீன் வந்து உட்கார்ந்த புற்றுகளில் மட்டும், அந்தச் சிஸ்டீனையே கொக்கியாகப் பிடித்துக்கொள்ளும் சோட்டோராசிப் என்ற மருந்துக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து 39 ஆண்டுகள் கழித்து. அதுவும் நுரையீரல் புற்றில், அந்த ஒரு பிறழ்வு உள்ளவர்களுக்கு மட்டும்.

ஆர்பியைத் திருப்பித் தரும் மாத்திரை இல்லை. ஆனால் ஆர்பி இன்னும் செல்லில் இருந்தால், அதன் பிடியைத் தளர்த்தும் சிடிகே4, சிடிகே6 நொதிகளைத் தடுத்து அதை மறுபடி வேலை செய்யவைக்கலாம். பி16 இயற்கையாகச் செய்யும் அதே காரியம்தான். மார்பகப் புற்றின் ஒரு பெரிய வகைக்கு இன்று கொடுக்கும் பால்போசிகிளிப் போன்ற மாத்திரைகள் இப்படித்தான் இயங்குகின்றன. காக்க வேண்டிய ஆர்பியே கட்டியிலிருந்து தொலைந்துவிட்டால் அந்த மாத்திரை பயன்படுவதில்லை. மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சில நோயாளிகளுக்குப் புற்று திரும்ப வளரத் தொடங்கும்போது சோதித்துப் பார்த்தால், மருந்தைத் தாண்டிப் பிழைத்த செல்கள் சிலவற்றில் ஆர்பி1 புதிதாகக் கெட்டிருப்பது தெரிகிறது.